வேலை செய்துகொண்டே டிகிரி: விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்

ஹெக்சேன்_வாசம் | வியாழன், இரவு 9:48

எல்லாருக்கும் வணக்கம். தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் மூன்று வருடமாக லேப் உதவியாளராக இருக்கிறேன். அப்பா பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டியவர், லயன் வீட்டைக் காலி செய்துவிட்டு இப்போது டவுனில் இருக்கிறோம். பொலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்தேன், சி.ஜி.பி.ஏ. 2.61.

எங்கள் கம்பெனி ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆட்களை டிகிரி படிக்க வைக்கப் போகிறது. வாரத்தில் நான்கு நாள் மில்லில் வேலை, சம்பளம் உண்டு. வெள்ளியும் சனியும் வகுப்பு. கட்டணம் கம்பெனியுடையது, மொத்தம் நான்கு வருடம், முடித்ததும் மூன்று வருடம் அங்கேயே வேலை செய்யக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மில்லுக்கு இரண்டே இடம், கேட்பவர்கள் எனக்குத் தெரிந்து ஒன்பது பேர்.

விண்ணப்பத்தோடு ஓர் அறிக்கை கேட்கிறார்கள், 500 சொல்லுக்குள். கேள்வி இதுதான்: வேலையையும் படிப்பையும் சேர்த்துச் செய்யும் இந்த முறை உங்களுக்கு ஏன் பொருந்தும்? ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். ஆனால் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று எனக்கே பிடிபடுகிறது. ஆரம்பம் இப்படி வைத்திருக்கிறேன்:

"சிறு வயதிலிருந்தே எனக்கு இயந்திரங்கள் மீது ஆர்வம் அதிகம். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதைவிடக் கையால் செய்து கற்றுக்கொள்வதே எனக்கு வரும். வகுப்பறையில் உட்கார்ந்து கேட்பது எனக்கு ஒத்துவராது. மூன்று வருட வேலையில் கூட்டாக உழைப்பதையும் நேரத்தைப் பேணுவதையும் பொறுப்பையும் கற்றுக்கொண்டேன். சம்பாதித்துக்கொண்டே படிப்பதால் குடும்பத்துக்கும் பாரமாக இருக்க மாட்டேன்."

எழுதி முடித்துப் படித்தால் யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது. எங்கே தவறு? அடுத்த வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

கிள்ளான்_பையன் | வியாழன், இரவு 10:15

இது எஸ்.எல்.டி.என். தானே? என் நண்பன் ஒருவன் அதில்தான் சேர்ந்தான். 2005 முதல் இருக்கிற திட்டம், 70, 80 விழுக்காடு வேலை இடத்தில், மீதி பயிற்சி மையத்தில். அவனிடம் அறிக்கை எதுவும் கேட்கவில்லை, கம்பெனி ஆளைப் பார்த்து எடுத்துக்கொண்டது. அதனால் ரொம்பக் கவலைப்படாதீர்கள், கைவேலை தெரியும் என்று எழுதினாலே போதும்.

ஸ்டீம்டிக்கெட் | வியாழன், இரவு 11:02

தம்பி சொன்ன சதவீதமும் ஆண்டும் சரி. ஆனால் எஸ்.எல்.டி.என். முடித்தால் கையில் வருவது எஸ்.கே.எம். சான்றிதழ், மேலே போனால் டிப்ளோமா. தங்கச்சி கேட்பது டிகிரி. ஒரு பல்கலைக்கழகம் தன் பெயரில் பட்டம் கொடுக்க வேண்டும், அதனால் அங்கேயும் ஒருவர் உட்கார்ந்து இந்தத் தாளைப் படிப்பார். கைவேலை தெரியும் என்பது அவருக்குப் போதாது.

நான் மில்லில் 31 வருடம் இருந்தேன், கடைசி எட்டு வருடம் உதவிப் பொறியாளர்களை எடுக்கும் நேர்முகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று கவனி அம்மா. உன் தாளைப் படிக்கப் போவது இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பயம் வேறு வேறு. மில் மேனேஜருக்கு, இந்தப் பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் இல்லாவிட்டால் லேப் என்ன ஆகும், டிகிரி வாங்கியதும் வேறு இடம் ஓடிவிடுமோ என்ற பயம். பல்கலைக்கழக ஆளுக்கு, முதல் வருடக் கணக்கிலேயே விழுந்துவிடுமோ என்ற பயம். இப்போது உன் வரியைப் படித்துப் பார். "வகுப்பறையில் உட்கார்ந்து கேட்பது எனக்கு ஒத்துவராது." இரண்டாவது ஆள் அந்த இடத்திலேயே தாளைக் கீழே வைத்துவிடுவார். வெள்ளியும் சனியும் நீ உட்காரப் போவது வகுப்பறையில்தானே?

கையால் செய்து கற்பவள் என்று நீயே சொல்லிக்கொள்வதில் பயனில்லை. நீ ஒன்றைக் கற்றுக்கொண்ட கதையைச் சொல், அவர்களே தெரிந்துகொள்வார்கள். லேபில் இருந்திருக்கிறாய், எண்ணெய் நட்டம் பார்த்திருப்பாய். மூன்று வருடத்தில் ஒரு முறையாவது ஓர் எண் உன்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கும். அதை இங்கே எழுது. அழகாக எழுதாதே, நடந்தபடி எழுது.

தோட்டத்து_அம்மா | வெள்ளி, காலை 6:30

மகளே, வேலையை மட்டும் விட்டுவிடாதே. என் மகன் இப்படித்தான் நல்ல வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனான், பி.டி.பி.டி.என். கடன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான், 34 வயசாகிறது. படித்த படிப்புக்கும் இப்போது பார்க்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை.

ஹெக்சேன்_வாசம் | வெள்ளி, மதியம் 1:10

அம்மா, நான் வேலையை விடப் போவதில்லை. இதில் கடன் கிடையாது, சம்பளம் வந்துகொண்டே இருக்கும், கட்டணம் கம்பெனி கட்டுகிறது. உங்கள் மகனுக்கு நடந்தது எங்கள் வீட்டிலும் பேசிப் பேசிப் பயந்த விஷயம்தான், அதனால்தான் இந்த வழியே எனக்குப் பிடித்தது.

ஐயா, நீங்கள் கேட்டதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது மூன்றாம் நம்பர் பிரஸ். நடந்தபடி எழுதுகிறேன்.

போன வருடம் ஜூன். பிரஸ்ஸில் பிழிந்து வரும் நாரில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பார்ப்போம். நாரை எடுத்து லேப் அடுப்பில் காய வைத்து, ஹெக்சேன் ஊற்றிச் சாக்ஸ்லெட்டில் போட்டுச் சில மணி நேரம் காத்திருந்தால் எண்ணெய் பிரிந்து வரும், அதை எடை போட வேண்டும். மற்ற மூன்று பிரஸ்களும் நான்கு விழுக்காட்டைச் சுற்றியே இருந்தன, மூன்றாவது மட்டும் 5.6. முதலில் நான்தான் எங்கேயோ பிசகிவிட்டேன் என்று நினைத்தேன். திரும்ப எடுத்தேன், 5.5. மறுநாள் வேறு ஆளை எடுக்கச் சொன்னேன், 5.7. கையில் பிடித்துப் பார்த்தாலே தெரிந்தது, நார் ஈரமாக விரலில் ஒட்டியது.

ஃபோர்மனிடம் சொன்னேன். பிரஸ் ஆப்பரேட்டர் கோன் அழுத்தத்தை ஏற்றினார். எண்ணெய் 5.1க்கு வந்தது, எல்லாரும் சரி என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பிரஸ்ஸிலிருந்து விழும் பிண்டத்தில் உடைந்த கொட்டை கூடியிருந்தது மாதிரி எனக்குத் தோன்றியது. எடுத்துப் பிரித்து முழுக்கொட்டை, உடைந்த கொட்டை, நார் என்று தனித்தனியாக எடை போட்டேன். உண்மையிலேயே கூடியிருந்தது. அப்படியென்றால் எண்ணெயில் மிச்சம் பிடித்ததைப் பருப்பில் விடுகிறோம்.

ஸ்க்ரூ தேய்ந்துவிட்டது என்று உறுதியாக நம்பினேன். ஃபிட்டர் அண்ணனிடம் போய்ச் சொன்னேன், போன மாதம்தான் மாற்றினேன் என்று சொல்லிவிட்டார். வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் இரண்டு நாள் சும்மா இருந்தேன். பிறகு பிரஸ்ஸுக்கு மேலே இருக்கும் டைஜெஸ்டரைப் பற்றி யோசித்தேன், அங்கேதான் பழம் சூட்டில் மசிந்து கீழே இறங்குகிறது. டயலில் 92 டிகிரி காட்டியது, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. லேப் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய், ஃபிட்டர் அண்ணனை வைத்துக்கொண்டு மசியலிலேயே பார்த்தோம். 78. பக்கத்து டைஜெஸ்டரில் 91. டயல் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

ஏன் சூடாகவில்லை என்று அண்ணன்தான் கண்டுபிடித்தார். டைஜெஸ்டரைச் சுற்றியிருக்கும் ஜாக்கெட்டுக்கு ஸ்டீம் போகிற பைப் கொதித்தது, வெளியே வருகிற பக்கம் ஆறிக் கிடந்தது. ஸ்டீமை உள்ளே நிறுத்தி, தண்ணீராக மாறியதை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப் அடைத்துக்கொண்டு ஜாக்கெட் முழுக்கத் தண்ணீர் நின்றிருந்தது. டிராப்பை மாற்றினார்கள், டயலையும் மாற்றினார்கள், கோன் அழுத்தத்தைப் பழையபடி இறக்கினார்கள். இரண்டு நாளில் 4.2.

இவ்வளவுதான். இதை எழுதலாமா? பழுது பார்த்தது நான் இல்லையே.

இரவு_ஷிப்ட் | வெள்ளி, மாலை 5:44

நல்ல கதை. ஆனால் நான் ஒன்று சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இதே மாதிரி ஒரு திட்டத்தில் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டவன். கற்பதில் பிரச்சினை இல்லை, பழ சீசன்தான் பிரச்சினை. ஆகஸ்ட்டிலிருந்து பழம் குவிகிறது, மில் ராத்திரி பகல் ஓடுகிறது, 12 மணி நேர ஷிப்ட். வெள்ளிக்கிழமை வகுப்பு என்று தாளில் இருந்தது, ஆனால் வியாழன் இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழுக்கு வெளியே வந்து ஒன்பது மணிக்கு வகுப்பில் உட்கார்ந்தால் என்ன ஏறும்? மேனேஜரிடம் கேட்டால் சீசன் முடியட்டும் என்பார். சீசன் முடியும்போது இரண்டு பாடத்தில் விழுந்திருந்தேன்.

அந்தத் திட்டத்துக்கு நானும் அழகாகத்தான் எழுதிக் கொடுத்தேன், எல்லாவற்றையும் சமாளிப்பேன் என்று. எப்படிச் சமாளிப்பேன் என்று எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நீங்கள் அதை எழுதுங்கள்.

ஸ்டீம்டிக்கெட் | வெள்ளி, இரவு 9:20

தம்பி, இதைச் சொன்னதற்கு நன்றி. இது எல்லா மில்லிலும் நடக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அம்மா, உன் கதை ஸ்டீம் டிராப்பைப் பற்றியது இல்லை, நீ எப்படிப் போனாய் என்பதைப் பற்றியது. பழுது பார்த்தது அண்ணன் என்று அப்படியே எழுது. நேர்முகத்தில் அந்த அண்ணனையே கூப்பிட்டுக் கேட்டாலும் கதை மாறக் கூடாது. "நான் கண்டுபிடித்து 5.6லிருந்து 4.2க்குக் குறைத்தேன்" என்று ஒரு பிள்ளை எழுதினால் நான் உடனே டிராப் எங்கே இருந்தது, எந்த வகை என்று கேட்பேன், அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஸ்க்ரூ என்று நினைத்துத் தோற்ற இடத்தை விட்டுவிடாதே. வேலையில் கற்பது என்றால் அதுதான். ஒரு காரணத்தை நினைக்கிறாய், ஆளிடம் கேட்கிறாய், இல்லை என்று ஆகிறது, அடுத்த காரணத்துக்குப் போகிறாய், கடைசியில் டயலையே நம்பாமல் நேரில் அளக்கிறாய். இதை எந்த வகுப்பறையிலும் இப்படிக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அங்கே டயல் பொய் சொல்லாது.

ஆனால் இதோடு நிறுத்தினால் மேனேஜர் சந்தோஷப்படுவார், நல்ல லேப் ஆள், லேபிலேயே இருக்கட்டும் என்பார். டிகிரி எதற்கு? அதை நீதான் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் உனக்குப் புரியாமல் போனது என்ன? ஜாக்கெட்டில் தண்ணீர் நின்றால் ஏன் சூடு ஏறவில்லை? அந்தத் தண்ணீரும் சூடான தண்ணீர்தானே?

ஹெக்சேன்_வாசம் | வெள்ளி, இரவு 11:37

ஐயா, அன்றைக்கு நானும் இதையேதான் கேட்டேன். அண்ணன், ஸ்டீம் போனால்தான் சூடு, தண்ணீர் நின்றால் சூடு இல்லை, அவ்வளவுதான் என்றார். வீட்டுக்கு வந்து டிப்ளோமா நோட்டைத் தேடி எடுத்தேன். உள்ளுறை வெப்பம் என்று ஒரு பாடம், பரீட்சைக்கு மனப்பாடம் செய்து சி வாங்கிய பாடம். நம்ம ஜாக்கெட்டில் இருக்கிற அழுத்தத்தில் ஒரு கிலோ ஸ்டீம் தண்ணீராக மாறும்போது ஏறத்தாழ 2,100 கிலோஜூல் விடுகிறது. அதே ஒரு கிலோ தண்ணீர் 40 டிகிரி ஆறினால் 170தான் விடுகிறது. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு என்னவோ ஆகிவிட்டது. நோட்டில் மூன்று வருடமாக இருந்த எண், டைஜெஸ்டரில் வந்து நின்றது.

புரியாதது இன்னும் இருக்கிறது. டிராப் ஏன் அடைத்தது, நாங்கள் போட்ட அளவு சரிதானா, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று கணக்குப் போடத் தெரியவில்லை. மசியல் 78 டிகிரியில் இருக்கும்போது எண்ணெய் ஏன் வெளியே வர மறுக்கிறது என்பதும் அரைகுறையாகத்தான் தெரியும், கெட்டியாகிவிடும் என்று சொல்வேன், எவ்வளவு கெட்டி என்று கேட்டால் தெரியாது.

ஸ்டீம்டிக்கெட் | சனி, காலை 7:05

இதை எழுது. நீ மேலே எழுதியதையே எழுது. "எனக்கு ஏன் இந்த முறை பொருந்தும்" என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. முழு நேர வகுப்பில் அந்த எண்ணை நீ ஏற்கெனவே படித்துவிட்டாய், தங்கவில்லை. வெறும் வேலையில் இருந்தால் அண்ணன் சொன்னதோடு நின்றிருப்பாய். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தபோதுதான் உனக்குப் பிடிபட்டது. அது இந்த முறைக்கு மட்டுமே உள்ள காரணம், வேறு எதற்கும் நீ இதை எழுத முடியாது.

மிட்லண்ட்ஸ்_மழை | சனி, மாலை 4:18

ஈப்போவிலிருந்து வந்து இங்கிலாந்தில் இருக்கிறேன், ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. இங்கே இப்படியான டிகிரி 2015இல் ஆரம்பித்தது, என் கீழே இரண்டு பேர் அதில் படிக்கிறார்கள். இணையத்தில் நீங்கள் தேடினால் கிடைக்கும் மாதிரி அறிக்கைகள் பெரும்பாலும் இங்கே உள்ளவைதான், பார்த்து எழுதும்போது கவனம். இங்கே முதலில் வேலைக்குத்தான் விண்ணப்பம் போடுவார்கள், கம்பெனி எடுத்தால் பிறகுதான் பல்கலைக்கழகம். அதனால் அந்த மாதிரிகளில் கம்பெனியைப் பற்றியே அதிகம் இருக்கும், நான் ஏன் உங்கள் கம்பெனியை விரும்புகிறேன் என்று. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர், உங்களுக்கு அது தேவையில்லை.

கூடவே இன்னொன்று. இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் இங்கே வந்து சேரலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பொதுவாக இந்த நாட்டில் குறைந்தது மூன்று வருடம் வசித்தவர்களுக்குத்தான் அரசு நிதி, மாணவர் விசாவில் வந்து இதில் சேர முடியாது. ஏஜண்ட் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எழுத்தைப் பற்றி ஒரு கருத்து. 5.6, 4.2 என்று எண்களை அப்படியே போடாதீர்கள். மில்லின் நட்டக் கணக்கு வெளியே போகக் கூடாத விஷயம், பல்கலைக்கழகத்துக்குப் போகும் தாளில் அது இருந்தால் மேனேஜருக்குப் பிடிக்காது. இங்கே ஒரு பையன் அப்படி எழுதிவிட்டுத் திட்டு வாங்கினான்.

ஸ்டீம்டிக்கெட் | சனி, மாலை 6:50

நான் சொல்ல மறந்ததைத் தம்பி சொல்லிவிட்டார். "ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது" என்று எழுது, 5.6லிருந்து 4.2 என்றால் சரியாகக் கால் பங்குதான். வெப்பநிலையை எழுதலாம், அதில் ரகசியம் இல்லை. கொடுப்பதற்கு முன்னால் மேனேஜரிடம் ஒரு முறை காட்டிவிடு. மேலே இங்கே எழுதியிருக்கிறாயே, அதையும் முடிந்தால் திருத்திவிடு.

ஹெக்சேன்_வாசம் | ஞாயிறு, மதியம் 2:25

திருத்தப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டதாம், அட்மினுக்கு எழுதியிருக்கிறேன். மில்லின் பெயரை நல்லவேளை எங்கேயும் சொல்லவில்லை.

புதிதாக எழுதியது இதோ. இன்னும் 500 சொல் ஆகவில்லை, கடைசிப் பகுதிக்கு இடம் வைத்திருக்கிறேன்.

"சென்ற ஜூன் மாதம் எங்கள் ஆலையின் ஒரு பிரஸ்ஸில் நாரோடு போகும் எண்ணெய் கூடியது. அளந்தவள் நான் என்பதால் முதலில் என் அளவையே சந்தேகித்து இரண்டு முறை எடுத்தேன், மூன்றாம் முறை வேறு ஒருவர் எடுத்தார். அழுத்தத்தைக் கூட்டியபோது எண்ணெய் சற்றுக் குறைந்தது, ஆனால் கொட்டை உடைவது கூடியதை எடை போட்டுக் கண்டேன். ஸ்க்ரூ தேய்மானம் என்று நினைத்தேன், அது தவறு, ஒரு மாதத்துக்கு முன்புதான் மாற்றியிருந்தார்கள். டைஜெஸ்டரின் டயல் 92 காட்டியது. மசியலில் நேரில் அளந்தபோது 78. ஜாக்கெட்டில் நீர் நிற்பதை எங்கள் ஃபிட்டர் கண்டுபிடித்தார், ஸ்டீம் டிராப்பை மாற்றியதும் நட்டம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது.

நீர் நின்றால் ஏன் சூடு ஏறாது என்று அன்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. டிப்ளோமாவில் அதே பாடத்தை மனப்பாடம் செய்து சுமாரான மதிப்பெண் வாங்கியிருந்தேன். அன்று இரவு அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ நீராவி நீராகும்போது விடும் வெப்பம், அதே நீர் 40 டிகிரி ஆறும்போது விடுவதைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். அதன்பிறகு எந்த ஜாக்கெட்டைப் பார்த்தாலும் உள்ளே போகும் பைப்பையும் வெளியே வரும் பைப்பையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

டிராப்பின் அளவைத் தேர்வு செய்யவும் அதைச் சோதிக்கும் இடைவெளியைத் தீர்மானிக்கவும் எனக்குத் தெரியாது. ஆலையில் அதைக் கற்றுத்தர நேரம் உள்ளவர் இல்லை. வெப்பப் பரிமாற்றமும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் உங்கள் பாடத்திட்டத்தில் இரண்டாம் ஆண்டில் வருகின்றன. வெள்ளிக்கிழமை படிப்பதைத் திங்கட்கிழமை பார்க்க என்னிடம் நான்கு டைஜெஸ்டர் இருக்கிறது."

கிள்ளான்_பையன் | ஞாயிறு, மாலை 3:40

அக்கா, முதலில் எழுதியதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் "சுமாரான மதிப்பெண்" என்பதை எடுத்துவிடுங்கள். 2.61 எப்படியும் டிரான்ஸ்கிரிப்ட்டில் இருக்கிறது, நாமே எதற்கு விரலை நீட்டிக் காட்ட வேண்டும்?

மிட்லண்ட்ஸ்_மழை | ஞாயிறு, இரவு 8:02

எனக்கு அது இருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. டிரான்ஸ்கிரிப்ட்டில் பார்ப்பவர் தெர்மோவில் சி என்று பார்க்கிறார், அறிக்கையில் அந்தப் பாடமே எப்படித் திரும்பி வந்தது என்று படிக்கிறார். சொல்லாமல் விட்டால் சி மட்டும்தான் தெரியும்.

ஸ்டீம்டிக்கெட் | ஞாயிறு, இரவு 9:15

என்னைக் கேட்டால் பல்கலைக்கழக ஆளுக்கு அது நல்லது, மேனேஜருக்கு நல்லதில்லை. எங்கள் காலத்து மேனேஜர்கள் சி என்ற எழுத்தைப் பார்த்தால் வேறு எதையும் பார்க்க மாட்டார்கள். உன் மேனேஜரை உனக்குத்தான் தெரியும்.

வேறு இரண்டு திருத்தம். "ஆலையில் அதைக் கற்றுத்தர நேரம் உள்ளவர் இல்லை" என்பதை எடுத்துவிடு, உண்மைதான், ஆனால் அதைப் படிப்பவர்களில் ஒருவர் உன் பொறியாளராக இருக்கலாம், அவர் மனம் நோகும். "எங்கள் பொறியாளரிடம் கேட்டு ஓரளவு தெரிந்துகொண்டேன், முறையாகப் படிக்க விரும்புகிறேன்" என்று வை, ஆனால் நாளைக்குப் போய் உண்மையிலேயே கேட்டுவிட்டு எழுது. கடைசி வரி, நான்கு டைஜெஸ்டர், அதைத் தொடாதே.

இப்போது தம்பி சொன்ன சீசன் விஷயம். மிச்சம் இருக்கும் இடத்தை அதற்கே கொடு. லேபில் எத்தனை பேர்?

ஹெக்சேன்_வாசம் | திங்கள், இரவு 10:30

லேபில் என்னோடு மூன்று பேர். ஒருவர் மலாய்க்கார அக்கா, அவருக்கு ஞாயிறு விடுமுறை வேண்டும், வெள்ளி வேலை செய்யத் தயார், ஆனால் மதியத் தொழுகை நேரத்தில் வீட்டில் குழந்தைகளைப் பார்க்கப் போவார். இன்னொரு தம்பிக்கு ஓவர்டைம் வேண்டும். உட்கார்ந்து பேசினோம். சீசனில் வியாழன் இரவு ஷிப்ட்டைத் தம்பி எடுத்துக்கொள்வார், அவருடைய ஞாயிறு பகலை நான் எடுத்துக்கொள்வேன். அக்கா வெள்ளி பகல், நடுவில் அவர் போகும் இரண்டு மணி நேரத்துக்குத் தம்பி. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மாதிரி அட்டவணை ஒன்று போட்டு ஃபோர்மனிடம் காட்டினேன், அவர் ஒரு வாரத்தில் இரண்டு இடம் இடிக்கிறது என்று திருத்திக் கொடுத்தார்.

பொறியாளரிடமும் கேட்டேன். அரை மணி நேரம் நின்று விளக்கினார், டிராப்பின் கணக்கையே போட்டுக் காட்டினார். பாதி புரிந்தது. இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்றார், பதில் சொல்லத் தெரியவில்லை.

இரவு_ஷிப்ட் | செவ்வாய், காலை 8:12

இந்த அட்டவணை எனக்கு அப்போது இருந்திருந்தால்... சரி. ஒன்றைக் கேளுங்கள். ஃபோர்மன் தலையாட்டியது போதாது, மேனேஜர் கையெழுத்து வாங்குங்கள். ஃபோர்மன் மாறுவார். எனக்கு அப்படித்தான் ஆனது, ஒத்துக்கொண்டவர் ஜூலையில் வேறு மில்லுக்குப் போய்விட்டார், புது ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

அறிக்கையில் அட்டவணை முழுவதையும் போட வேண்டாம், இரண்டு வரி போதும். வியாழன் இரவு வேலை இல்லாதபடி சக ஊழியர்களோடு ஏற்பாடு செய்திருக்கிறேன், அட்டவணையை இணைத்திருக்கிறேன் என்று. வகுப்புக்கு முந்தைய இரவு தூங்க வேண்டும், அதுதான் எல்லாம்.

தோட்டத்து_அம்மா | செவ்வாய், மதியம் 12:40

மகளே, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன், நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். என் மகனிடம் காட்டினேன், அவன் கேட்கிறான், பாதியில் விட்டால் கம்பெனி கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? மூன்று வருட ஒப்பந்தம் என்றாயே, கல்யாணம் ஆகி வேறு ஊர் போக வேண்டி வந்தால்?

ஸ்டீம்டிக்கெட் | செவ்வாய், இரவு 8:55

நல்ல கேள்வி. ஒப்பந்தத்தில் முழுத் தொகையா, அல்லது வேலை செய்த மாதங்களைக் கழித்து மீதி மட்டுமா என்று பார்க்க வேண்டும். பரீட்சையில் விழுந்து பல்கலைக்கழகம் நிறுத்தினால் அது "விட்டுவிட்டது" என்று ஆகுமா என்பதையும் கேள். வகுப்பு நாட்களுக்குச் சம்பளம் உண்டா, ஈ.பி.எஃப்., சொக்சோ முழுச் சம்பளத்துக்குப் பிடிப்பார்களா என்பதும். இவை எழுத்தில் இருக்க வேண்டும்.

கிடைக்கப்போவது பொறியியல் தொழில்நுட்பப் பட்டமா, பொறியியல் பட்டமா என்றும் கேட்டு வை. முதலாவது என்றால் தொழில்நுட்பர் வாரியமான எம்.பி.ஓ.டி.யில் தொழில்நுட்பராகப் பதிவு, பொறியாளர் வாரியத்தில் பதிவு வேண்டுமென்றால் அதற்கு அவர்கள் ஏற்ற பட்டமாக இருக்க வேண்டும். பின்னால் ஸ்டீம் டிக்கெட், அதாவது நீராவிப் பொறியாளர் தகுதித் தேர்வு, எழுத நினைத்தால் அதற்கு இந்தப் பட்டத்தை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்பதைத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி.யிலேயே நேரில் கேட்பது நல்லது, என் காலத்து விதியை வைத்து நான் சொல்லக் கூடாது.

ஹெக்சேன்_வாசம் | வியாழன், இரவு 10:05

இன்று மாலை கொடுத்துவிட்டேன், ஒரு நாள் முன்பாகவே. மேனேஜர் படித்தார். கால் பங்கு என்ற இடத்தில் சிரித்துவிட்டு, சரி, இருக்கட்டும் என்றார். அட்டவணையில் கையெழுத்துப் போட்டார், ஆனால் "ஆலையின் தேவைக்கு உட்பட்டு" என்று கையாலேயே ஒரு வரி சேர்த்துவிட்டார். இரவு_ஷிப்ட் அண்ணே, அந்த வரியைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது.

சுமாரான மதிப்பெண் என்பதை அப்படியே விட்டுவிட்டேன். எடுத்தால் அடுத்த வரிக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

பணம் திருப்பிக் கட்டும் கேள்வியை எச்.ஆர்.இடம் கேட்டேன். தேர்வானவர்களுக்குத்தான் ஒப்பந்தத்தைக் காட்டுவார்களாம். நேர்முகம் அடுத்த மாதம்.

இரவு_ஷிப்ட் | வியாழன், இரவு 11:20

தங்கச்சி, அந்த ஒரு வரி பெரிய வரி. நேர்முகத்தில் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று கடைசியில் கேட்பார்கள். அப்போது, சீசனில் எத்தனை வெள்ளிக்கிழமை வரை கூப்பிடுவீர்கள் என்று ஓர் எண்ணைக் கேளுங்கள். இரண்டு என்றால் சமாளிக்கலாம்.